மாலைப் பயிற்சிக்கு முன் கோப்பியா, பிளேன்டீயா, வெறும் தண்ணீரா?

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் திருகோணமலையில் பின்னேரம் நாலு மணிக்கு ஓடப் போகிறவர் யாரும் இல்லை. வெயில் தாழ்ந்து, கடற்கரைப் பக்கமிருந்து கொஞ்சம் காற்று திரும்பிய பிறகுதான் மைதானங்கள் நிறையும். ஜிம்மிலும் அப்படித்தான். வேலை முடிந்து வீட்டுக்குப் போய், உடுப்பு மாற்றிக்கொண்டு வர ஆறு மணி தாண்டிவிடும். ஆறேமுக்காலுக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடித்து, ஒன்பது மணிக்குச் சாப்பிட்டு, பதினொன்றுக்குப் படுத்து, விடிய ஐந்தரைக்கு எழும்புகிறவர்கள் இங்கே ஏராளம்.

இவர்களில் பெரும்பாலானோர் நாளுக்கு நாலைந்து தேத்தண்ணி குடிக்கிறவர்களும்கூட. பயிற்சிக்கு வரும் வழியில் கடைசியாக ஒன்று. அந்தக் கடைசிக் கோப்பையை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. இன்ஸ்டன்ட் கோப்பி குடித்துவிட்டுப் போகலாம், ஜிம்மில் விற்கிற தூளில் ஒரு ஸ்கூப் கலக்கலாம், ஒரு பிளேன்டீயோடு நிறுத்தலாம், ஒன்றுமே குடிக்காமலும் போகலாம். பயிற்சியையே காலைக்கு மாற்றுவதும் ஒரு வழி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளுக்கு நாலைந்து கோப்பை குடிக்கும் ஒருவருக்கு, பின்னேர நாலு மணித் தேத்தண்ணியை விட்டுவிட்டு, பயிற்சிக்கு முன் ஒரு சாதாரண பிளேன்டீ குடிப்பதே பெரும்பாலும் நல்ல வழி. கோப்பியையும் ஸ்கூப்பையும் பகலில் நடக்கும் போட்டிகளுக்கு வைத்துக்கொள்ளலாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு, கோப்பைக்குள் கஃபீன் எவ்வளவு இருக்கிறது, அது எத்தனை மணிக்கு உடம்பை விட்டுப் போகிறது என்ற இரண்டையும் பார்க்க வேண்டும்.

கோப்பைக்குள் எவ்வளவு?

ஒரு சாதாரண கோப்பைத் தேத்தண்ணியில் ஏறக்குறைய 30 முதல் 60 மி.கி வரை கஃபீன் இருக்கும். இது தேயிலையின் அளவையும் ஊறும் நேரத்தையும் பொறுத்தது. கடையில் சட்டியில் கொதித்துக்கொண்டிருக்கும் தண்ணீரை, தூள் தேயிலை நிரம்பிய துணி வடியில் ஊற்றி, இறங்குகிற சாயத்தைத் திரும்ப அதே வடியில் ஊற்றி ஆற்றுவார்கள். பார்த்திருப்பீர்கள். தூள் தேயிலை பொடியாக இருப்பதால் கஃபீன் வேகமாக இறங்கிவிடும், அதில் பெரும்பகுதி முதல் சில நிமிடங்களிலேயே வந்துவிடும். ஆகவே கடைத் தேத்தண்ணி, வீட்டில் கொஞ்சமாகத் தேயிலை போட்டு ஊறவைப்பதைவிடக் கடுமையாகவே இருக்கும்.

பால் போட்டால் கஃபீன் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். பால் எதையும் குறைப்பதில்லை. பால்டீக்குச் சாயம் கடுமையாக இருந்தால்தான் நிறம் வரும் என்பதால் சில கடைகளில் அதில் கூடுதலாகவே இருக்கும். சீனியும் கஃபீனை ஒன்றும் செய்யாது. இஞ்சி போட்ட பிளேன்டீயும் தேத்தண்ணிதான்.

இன்ஸ்டன்ட் கோப்பி ஒரு தேக்கரண்டிக்கு ஏறக்குறைய 60 மி.கி என்று வைத்துக்கொள்ளலாம். பயிற்சிக்கு முன் "உறைப்பா" என்று இரண்டு கரண்டி போடுகிறவர்களுக்கு அது 120. சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் 250 மி.லீ எனர்ஜி பானத்தில் 80 மி.கி. பயிற்சிக்கு முன் எடுக்கும் தூள்களில் ஒரு ஸ்கூப்புக்கு 150 முதல் 300 மி.கி வரை இருப்பது வழக்கம். அந்த டப்பாவின் பின்பக்கத்தில் எழுதியிருக்கும். வாங்கும்போது புரதத்தின் அளவைப் பார்க்கிறவர்கள் இந்த வரியைப் பார்ப்பதில்லை.

மல்லித்தண்ணியிலும் ஆவாரம்பூத் தண்ணியிலும் கஃபீன் இல்லை. இது பின்னால் உதவும்.

பதினொரு மணிக்கு மிச்சம் எவ்வளவு?

குடித்த கஃபீன் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் உச்சத்துக்கு வரும். அதன் பிறகு ஈரல் அதை மெல்ல மெல்ல உடைக்கும். இருந்ததில் பாதி கரைய எடுக்கும் நேரம் சராசரியாக ஐந்து மணித்தியாலம். ஆளுக்கு ஆள் இது மூன்றாகவும் இருக்கலாம், ஏழாகவும் இருக்கலாம். முக்கியமானது என்னவென்றால், ஐந்து மணித்தியாலத்தில் அது போய்விடுவதில்லை, பாதிதான் போகிறது. அடுத்த ஐந்தில் மிச்சத்தில் பாதி.

எங்கள் பயிற்சிக் குழுவில் உவர்மலைப் பக்கமிருந்து வரும் ஒரு அண்ணனை எடுத்துக்கொள்வோம். எழுபது கிலோ, கந்தோர் வேலை, வாரத்தில் நாலு நாள் பயிற்சி. காலை ஆறு மணிக்கு ஒரு பால்டீ, பத்து மணிக்கு ஒன்று, மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஒன்றரைக்கு ஒரு பிளேன்டீ, நாலு மணிக்கு வடையோடு இன்னொரு தேத்தண்ணி. ஆறேகாலுக்கு இரண்டு கரண்டிக் கோப்பி. தேத்தண்ணி ஒவ்வொன்றும் 40 மி.கி என்று வைத்தால் நாளுக்கு மொத்தம் 280. ஆரோக்கியமான பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு 400 மி.கி வரை பிரச்சினை இல்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015 இல் சொன்னது. மொத்தத்தை மட்டும் பார்த்தால் அண்ணன் அதற்குள்தான் நிற்கிறார்.

ஆனால் படுக்கிற பதினொரு மணிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை ஆறு மணித் தேத்தண்ணியில் மிச்சம் 4 மி.கி. பத்து மணியுடையதில் 7. ஒன்றரை மணியுடையதில் 11. நாலு மணியுடையதில் 15. ஆறேகால் கோப்பியில் 62. கூட்டினால் ஏறக்குறைய 98 அல்லது 99. இரண்டரைக் கோப்பைத் தேத்தண்ணியைத் தொடர்ந்து குடித்துவிட்டு விளக்கை அணைப்பது போல. அந்த நூறில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே ஒரு கோப்பையிலிருந்து வருகிறது என்பதையும் கவனியுங்கள்.

இனி மாற்றிப் பார்ப்போம். கோப்பிக்குப் பதில் 200 மி.கி ஸ்கூப் என்றால் பதினொரு மணிக்கு மிச்சம் 140 ஆகிறது. கோப்பியை நிறுத்தி, நாலு தேத்தண்ணியையும் அப்படியே வைத்தால் 36. நாலு மணித் தேத்தண்ணியை விட்டு, அதே 40 மி.கியை ஆறேகாலுக்குப் பிளேன்டீயாகக் குடித்தால் 42. கடைசி இரண்டுக்கும் வித்தியாசம் 6 மி.கிதான். அதாவது நாலு மணித் தேத்தண்ணியை இரண்டேகால் மணித்தியாலம் தள்ளிக் குடிப்பதால் இரவுக்கு அவ்வளவாக நட்டமில்லை, ஆனால் பயிற்சி நேரத்தில் கஃபீன் உச்சத்தில் நிற்கும். என் முடிவுக்கு இந்தக் கணக்குத்தான் அடிப்படை. நாலு மணிக்குக் குடித்தது அலுவலக மேசையில் வீணாகப் போகிறது. கோப்பையைக் கூட்டத் தேவையில்லை, இடம் மாற்றினால் போதும்.

"நான் கோப்பி குடிச்சிட்டும் நல்லா நித்திரை கொள்வன்"

இதைச் சொல்லாத ஆள் இல்லை. அந்த அண்ணனும் சொன்னார். பொய்யும் சொல்லவில்லை. தினமும் குடிக்கிறவருக்கு உடம்பு பழகிவிடுகிறது. நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், இரத்த அழுத்தம் ஏறுவது எல்லாம் சில நாட்களிலேயே மட்டுப்பட்டுவிடும். படுத்தவுடன் கண் சொக்குவதும் நடக்கும். ஆனால் கண் சொக்குவதும் நல்ல நித்திரையும் ஒன்றல்ல.

விழித்திருக்கும் ஒவ்வொரு மணியிலும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது தன் ஏற்பிகளில் போய் உட்கார உட்கார நமக்கு நித்திரை அழுத்தம் கூடும். கஃபீன் அந்த ஏற்பிகளில் முந்திப் போய் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு குறைவதில்லை, களைப்பின் செய்தி மட்டும் மறைக்கப்படுகிறது. நாள் முழுக்க வேலை செய்து, பயிற்சியும் செய்த உடம்பில் அழுத்தம் அவ்வளவு அதிகமாக இருப்பதால் 100 மி.கி மிச்சம் இருந்தாலும் நித்திரை வந்துவிடும். பாதிக்கப்படுவது உள்ளே. ஆழ்ந்த நித்திரை குறையும், இடையிடையே விழிப்பு வரும். பெரும்பாலான விழிப்புகள் காலையில் நினைவிலேயே இருக்காது.

2013 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. 400 மி.கி கஃபீனைப் படுக்கும் நேரத்திலும், மூன்று மணித்தியாலம் முன்பும், ஆறு மணித்தியாலம் முன்பும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு மணித்தியாலம் முன்பு எடுத்தபோதும் கருவி அளந்த நித்திரை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் குறைந்தது. ஆனால் பங்குபற்றியவர்கள் தாங்களே எழுதிய குறிப்பில் அந்த இழப்பு சரியாகத் தெரியவில்லை. கருவி கண்டதை ஆள் காணவில்லை. ஆகவே "எனக்கு ஒன்றும் செய்யாது" என்பதை நான் ஒரு சாட்சியாக எடுப்பதில்லை. 400 மி.கி பெரிய அளவுதான், நம் அண்ணனின் கோப்பியைவிட மூன்று மடங்குக்கு மேல். ஒரு ஸ்கூப்பும் மேலே ஒரு எனர்ஜி பானமும் சேர்ந்தால் அந்தப் பக்கம்தான் போகும்.

மறுபக்கமும் உண்டு. அண்மையில் ஆஸ்திரேலியாவில் இளம் ஆண்களுக்கு 100 மி.கியும் 400 மி.கியும் வெவ்வேறு நேரங்களில் கொடுத்துப் பார்த்தார்கள். 100 மி.கியைப் படுப்பதற்கு நாலு மணித்தியாலம் முன்பு எடுத்தாலும் நித்திரையில் பெரிய மாற்றம் தெரியவில்லை. 400 மி.கியைப் படுப்பதற்கு முன்னான 12 மணித்தியாலத்துக்குள் எடுக்காமல் இருப்பது நல்லது என்று முடித்தார்கள். ஒரு பிளேன்டீக்குப் பயப்படத் தேவையில்லை என்று நான் சொல்வது இதை வைத்துத்தான். ஆனால் அந்த 100 தனியாக எடுத்தது. நமக்கு அது காலையிலிருந்து சேர்ந்து வந்த மிச்சத்தின் மேல் ஏறுகிறது.

பழகிய உடம்புக்குக் கோப்பி எவ்வளவு தள்ளுகிறது?

கஃபீன் பயிற்சிக்கு உதவும் என்பதில் சந்தேகம் இல்லை. வழக்கமாகச் சொல்லப்படும் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மி.கி. கிலோவுக்கு 2 மி.கியிலேயே சிலருக்குப் பலன் கிடைக்கலாம். எழுபது கிலோ அண்ணனுக்கு 3 என்றால் 210 மி.கி, 6 என்றால் 420. கிடைக்கும் பலன் சில வீதம்தான். ஓட்டத்திலும் சைக்கிளிலும் கொஞ்சம் தெளிவாகத் தெரியும், பாரம் தூக்குவதில் குறைவு.

தினமும் குடிக்கிறவருக்கு இந்தப் பலன் மழுங்குமா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2017 இல் வெளியான இரண்டை மட்டும் சொல்கிறேன். பிரேசிலில் நாற்பது சைக்கிள் ஓட்டக்காரர்களை வைத்துச் செய்ததில், குறைவாகக் குடிப்பவர், நிறையக் குடிப்பவர் என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும் கிலோவுக்கு 6 மி.கி வேலை செய்தது. இன்னொன்றில் நாலு வாரம் தினமும் சிறிய அளவு கொடுத்தபோது முதலில் இருந்த பலன் மறைந்துபோனது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: பழகிய உடம்பையும் தள்ளுகிற அளவு பெரிய அளவு. நித்திரையைக் கெடுக்காத அளவு, பழக்கத்தால் மழுங்கக்கூடிய சிறிய அளவு. மாலைப் பயிற்சிக்காரர் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார்.

மாலைக்கென்று இன்னொரு விஷயம் இருக்கிறது. உடம்பின் வெப்பநிலை பின்னேரம் கடைசியிலும் மாலையிலும்தான் நாளின் உச்சத்தில் இருக்கும். தசை ஏற்கனவே நல்ல நிலையில் நிற்கிறது. காலை ஆறு மணிக்கு விறைத்த உடம்பை எழுப்புவதில் கஃபீன் காட்டும் வேலையை மாலை ஏழு மணிக்கு எதிர்பார்க்க முடியாது. காலையில் பலன் அதிகம், இரவுக்கு நட்டம் இல்லை. மாலையில் பலன் குறைவு, நட்டம் அதிகம். கோப்பிக்கு எதிராக என்னிடம் இருக்கும் பெரிய வாதம் இதுதான்.

அப்படியென்றால் கோப்பி குடித்த நாளில் உற்சாகமாக இருப்பது ஏன்? ஒரு பகுதி உண்மையான பலன். இன்னொரு பகுதி, கடைசித் தேத்தண்ணியின் வேகம் இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்தச் சோர்வை அடுத்த கோப்பை ஈடு செய்வது. மூன்றாவது நேற்றைய நித்திரைக் கடன். இரவில் ஒரு மணித்தியாலம் குறைவாகத் தூங்கியவருக்கு அதே பாரம் இன்று கனமாகத் தெரியும், அதைச் சமாளிக்க இன்னொரு கோப்பி, அது இன்றிரவையும் தின்னும். இந்தச் சுற்று தொடங்கிய பிறகு கோப்பி இல்லாமல் பயிற்சியே செய்ய முடியாது என்று தோன்றும்.

ஒவ்வொன்றாக

ஸ்கூப்பை முதலில் தள்ளிவிடுகிறேன். இரவு பதினொன்றுக்குப் படுக்கிறவர் ஆறேகாலுக்கு 200 மி.கிக்கு மேல் எடுப்பதற்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. "தம்பி, அரை ஸ்கூப் போட்டா ஒண்டும் செய்யாது" என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வார். டப்பாவில் 300 என்று எழுதியிருந்தால் அரை ஸ்கூப்பே 150, நம் அண்ணனின் கோப்பியைவிட அதிகம்.

இரண்டு கரண்டிக் கோப்பி, மேலே போட்ட கணக்கின்படி, பகலில் குறைவாகக் குடிக்கிறவருக்குச் சில நாட்களில் சரி. நாலு தேத்தண்ணிக்கு மேல் தினமும் அதைப் போடுவது சரியில்லை.

ஒன்றுமே குடிக்காமல் போவது நித்திரைக்கு எல்லாவற்றிலும் நல்லது, அதுவும் ஒன்றரை மணிப் பிளேன்டீக்குப் பிறகு கோப்பையைத் தொடாமல் இருந்தால் பதினொரு மணிக்கு மிச்சம் 21 மி.கிதான். ஏற்கனவே நித்திரைக் குறைபாட்டோடு தவிக்கிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் ஆறேகாலுக்குக் கடையடியில் எல்லோரும் நிற்கும்போது தான் மட்டும் தண்ணீர்ப் போத்தலோடு நிற்பது எத்தனை நாளைக்கு? அந்த வேளையில் சூடாக ஏதோ ஒன்று கையில் இருப்பதே பாதிப் பலன். குடித்துவிட்டோம் என்ற நம்பிக்கையும் உடம்பைக் கொஞ்சம் தள்ளும், அதுவும் ஆய்வுகளில் பார்த்த விஷயம்தான். வீட்டிலிருந்து இஞ்சி போட்ட மல்லித்தண்ணி கொண்டு வருகிறவர்கள் சமாளிக்கிறார்கள்.

பிளேன்டீ நடுவழி. சாயம் குறைத்து, பயிற்சிக்கு அரை மணி முன்னால். கிலோவுக்கு அரை மி.கி அளவுதான் வரும், ஆகவே ஓட்ட நேரத்தைக் குறைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கந்தோர் மயக்கத்தை உடைத்து மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும். வார நாள் பயிற்சிக்கு அது போதும்.

காலைக்கு மாற்ற முடிந்தவர்கள் மாற்றலாம். ஐந்தரைக்கு ஒரு கோப்பி குடித்துவிட்டு ஓடினால் மேலே சொன்ன சிக்கல் எதுவும் இல்லை. ஆனால் பதினொன்றுக்குப் படுப்பதை மாற்றாமல் எழும்புவதை மட்டும் முன்னால் தள்ளினால் நித்திரை வேறு வழியில் போய்விடும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் வீட்டில் இது நடக்கிற காரியமும் இல்லை.

இதற்கிடையில் பயிற்சியின் மேல் பழி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். மாலையில் உடற்பயிற்சி செய்தால் நித்திரை வராது என்பது பொதுவாகச் சரியல்ல. கடுமையான பயிற்சி படுப்பதற்கு ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்தால் மட்டும் தொந்தரவு வரலாம். எட்டு மணிக்கு முடித்துப் பதினொன்றுக்குப் படுக்கிறவருக்கு அந்தப் பிரச்சினை இல்லை. அவருடைய நித்திரை குழம்பினால் கோப்பையையும், அறையின் வெக்கையையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எப்படி மாற்றுவது, எப்படித் தெரிந்துகொள்வது

ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டினால் தலைவலிதான் முதலில் வரும். கடைசிக் கோப்பைக்குப் பிறகு 12 முதல் 24 மணித்தியாலத்தில் தொடங்கி, முதல் இரண்டு நாளில் உச்சத்துக்குப் போய், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் இழுக்கும். எரிச்சலும் சோர்வும் சேர்ந்து வரும். கிண்ணியாவிலும் மூதூரிலும் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை, நோன்பின் முதல் சில நாட்களில் பின்னேரம் வருகிற தலைவலியை எல்லோரும் அறிவார்கள். அதற்குப் பசியும் தாகமும்கூடக் காரணம், ஆனால் தேத்தண்ணி இல்லாததற்கும் அதில் பங்குண்டு. நோன்புக்கு முந்திய வாரமே கோப்பைகளைக் குறைக்கிறவர்கள் தலைவலி இல்லாமல் தப்பிக்கிறார்கள்.

அண்ணன் செய்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. முதல் வாரம் கோப்பியை இரண்டு கரண்டியிலிருந்து ஒன்றாக்கினார், மற்றதைத் தொடவில்லை. இரவில் அதிகம் மிச்சம் வைப்பது அதுதான் என்பதால் அங்கே தொடங்குவது சரி. இரண்டாவது வாரம் கோப்பியை விட்டு, அதே நேரத்துக்குப் பிளேன்டீ. மூன்றாவது வாரம் நாலு மணித் தேத்தண்ணிக்குப் பதில் மல்லித்தண்ணி. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. கந்தோரில் வடை வந்தால் தேத்தண்ணியும் வரும், வேண்டாம் என்று சொல்வது மரியாதைக் குறைவு போலத் தெரியும். காலைக் கோப்பைகள் இரண்டையும் மத்தியானத்தையும் அவர் கடைசிவரை தொடவில்லை, தொடத் தேவையும் இருக்கவில்லை. நாளின் மொத்தம் 280 இலிருந்து 160 ஆனது, படுக்கும்போது மிச்சம் ஏறக்குறைய நூறிலிருந்து 42 ஆனது.

பலனை எதை வைத்துப் பார்ப்பது? எத்தனை நிமிடத்தில் நித்திரை வந்தது என்பதை வைத்து அல்ல, அது ஏமாற்றும் என்று மேலே பார்த்தோம். வேறு மூன்று விஷயம் சொல்லும். அலாரம் அடிக்கும்போது எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது, இரவில் சலம் கழிக்கவோ சும்மாவோ எத்தனை முறை எழும்பினீர்கள், வேலையில்லாத நாளில் வழக்கத்தைவிட எவ்வளவு கூடத் தூங்குகிறீர்கள். கடைசியதுதான் மிக நேர்மையானது. ஞாயிற்றுக்கிழமை எட்டரை வரை எழும்ப முடியாதவர் வார நாட்களில் கடன் வைத்திருக்கிறார். மாற்றிய முதல் மூன்று நாள் குறிப்பை எடுக்காதீர்கள். அது தலைவலியின் கணக்கு. பயிற்சியை அந்த இரண்டு மூன்று வாரமும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், இல்லாவிட்டால் எது எதைச் செய்தது என்று தெரியாது.

போட்டி நாட்களுக்குக் கணக்கு வேறு. சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு ஆட்டம் என்றால் மூன்று மணிக்கு இரண்டு கரண்டிக் கோப்பி தாராளமாகக் குடிக்கலாம். பதினொரு மணிக்கு அதில் மிச்சம் 40 மி.கிதான், ஒரு பிளேன்டீ அளவு. நாளாந்தம் குறைத்து வைத்திருந்தால் அன்றைக்கு அது நன்றாக ஏறும் வாய்ப்பும் உண்டு. போட்டிக்காகவே நாலைந்து நாள் முழுசாக நிறுத்திவிட்டுக் குடிப்பார்கள் சிலர். அதில் கூடுதல் பலன் இருப்பதாகத் தெரியவில்லை, தலைவலியோடு போட்டிக்குப் போவதுதான் மிச்சம்.

மேலே போட்ட எல்லாக் கணக்கும் ஐந்து மணித்தியாலப் பாதி நேரத்தை வைத்தது. கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். பத்து மணித்தியாலம் என்று வைத்தால், கோப்பியே இல்லாமல் அந்த நாலு தேத்தண்ணி மட்டுமே பதினொரு மணிக்கு 74 மி.கி மிச்சம் வைக்கும், கோப்பியும் சேர்ந்தால் 160. மகளிர் அணியில் ஒருத்தி "எனக்கு ஒரு தேத்தண்ணியே ராவு முழுக்க நிக்குது" என்றால் அது செல்லக் கதையல்ல. அவர்களுக்கு மத்தியானத்தோடு நிறுத்துவதுதான் வழி. கர்ப்பிணிகளுக்கு இன்னும் மெதுவாகக் கரையும், அவர்களுக்கு நாளுக்கு மொத்தமே 200 மி.கிக்குள் இருக்க வேண்டும். சிப்ரோஃப்ளோக்சசின் போன்ற சில மருந்துகளும் கஃபீன் கரைவதைத் தாமதப்படுத்தும், அந்த மாத்திரை எடுக்கும் நாட்களில் வழக்கமான கோப்பையே படபடப்பைத் தரலாம். இதயத்துடிப்புப் பிரச்சினையோ கட்டுக்குள் வராத அழுத்தமோ உள்ளவர்கள் ஸ்கூப் பக்கம் போகும் முன் டொக்டரைக் கேட்க வேண்டும்.

புகைப்பவர்களுக்கு எதிர்ப்பக்கம். புகை ஈரலை உசுப்பி, கஃபீனை ஏறக்குறைய இரு மடங்கு வேகமாக உடைக்கவைக்கும். அதனால் அவர்கள் இரவு எட்டு மணிக்குக் குடித்தும் தாங்குகிறார்கள். பயிற்சிக்காகச் சிகரெட்டை விட்டவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். விட்ட சில நாட்களிலேயே அந்த வேகம் போய்விடும், அதே ஐந்து கோப்பை இரத்தத்தில் இரண்டு மடங்காக நிற்கும். நித்திரையின்மையும் பதற்றமும் வந்தால் சிகரெட் இல்லாததால்தான் என்று நினைத்துத் திரும்பப் பற்றவைத்துவிடுவார்கள். சிகரெட்டை விடுகிற வாரமே தேத்தண்ணியையும் பாதியாக்கிவிடுவது நல்லது.